ரெண்டு பேரை மெயில்ல அறிமுகப்படுத்தினேன், 12 நாளா ரெண்டு பக்கமும் சத்தமே இல்ல. எங்க தப்பு?

நிட்டிங்_ஆளு (கேட்டவர்):
வணக்கம்ங்க. திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். என் பழைய மேனேஜர் இப்ப ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ப்ரொடக்‌ஷன் ஹெட், அவருக்கு ஆர்கானிக் காட்டன் ஆர்டர்ல டிசி வாங்கறதுல பிரச்சனை (ஸ்கூல் டிசி இல்லீங்க, காட்ஸ்ங்கற ஆர்கானிக் தரச்சான்று உள்ள சரக்குக்கு வாங்கற டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட்). எனக்குத் தெரிஞ்ச ஒரு மேடம் ஃப்ரீலான்ஸா இந்த பேப்பர் வேலை மட்டும்தான் பாக்கறாங்க. சரி ரெண்டு பேரையும் கோத்து விட்டுருவோம்னு ஒரு மெயில் போட்டேன். 12 நாள் ஆச்சு, ரெண்டு பேருமே பதில் போடல. இங்கிலீஷ்ல போன மெயில், சாராம்சத்த தமிழ்ல போடறேன், பேரெல்லாம் எடுத்துட்டேன்:

> சப்ஜெக்ட்: அறிமுகம்
>
> வணக்கம் சார், வணக்கம் மேடம். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா பேசணும்! மேடம் இந்த ஃபீல்டுல 11 வருஷ அனுபவம், ரொம்ப திறமைசாலி, நான் பாத்ததுலயே இவங்கள மாதிரி டாக்குமெண்ட் பாக்கறவங்க யாரும் இல்ல. சார்தான் எனக்கு தொழில் கத்துக் குடுத்தவர், தங்கமான மனுஷர். சார் கம்பெனில மில்லுகிட்ட இருந்து டிசி வராம ஒரு ஷிப்மெண்ட்ட பையர் ஹோல்ட் பண்ணி வச்சிருக்காங்க, மேடம் உதவ முடியும்னு நினைக்கறேன். ரெண்டு பேருக்கும் பிரயோஜனமா இருக்கும். நன்றி.

இதுல என்னங்க தப்பு? மரியாதையாத்தானே எழுதியிருக்கேன்.

சேலத்துக்காரன்:
ரெண்டு பேரோட ஐடியையும் அவங்க சம்மதமில்லாம ஒருத்தருக்கொருத்தர் காட்டிட்டீங்க, அதான் கடுப்பாயிருப்பாங்க. அடுத்த தடவ ரெண்டு பேரையும் பிசிசில போட்டு அனுப்புங்க, ப்ரைவசி சேஃப்.

பழைய_ஹெச்ஆர்:
சேலத்துக்காரரே, சம்மதம் கேக்கணும்ங்கறது கரெக்ட். ஆனா ரெண்டு பேரையும் பிசிசில போட்டா ஒருத்தர் ஐடி இன்னொருத்தருக்கு தெரியவே தெரியாது, ரிப்ளை ஆல் அடிச்சாலும் அனுப்பினவருக்கு மட்டும்தான் போகும். அப்புறம் அது என்ன அறிமுகம்? ரெண்டு பேரும் "டு"ல இருக்கணும், "சிசி"ல கூட வேண்டாம், சிசில இருக்கறவங்க சும்மா தகவலுக்குன்னு நினைச்சு விட்டுருவாங்க.

நிட்டிங் தம்பி, உங்க மெயில நாலு தடவ படிச்சேன். மரியாதைல குறையில்ல. ஆனா படிச்சு முடிச்சதும் அடுத்து யார் என்ன செய்யணும்னு அதுல இல்லவே இல்ல. சார் "அந்தம்மா கூப்பிடட்டும்"னு இருப்பார், மேடம் "வேலை அவரோடது, நானா போய் கேட்டா கேன்வாஸ் பண்ற மாதிரி இருக்கும்"னு இருப்பாங்க. என் அனுபவத்துல பாதி அறிமுக மெயில் இப்படித்தான் சாகுது.

அதவிட பெரிய விஷயம், ஷிப்மெண்ட் ஹோல்டுல இருக்குன்னு வெளியாள் ஒருத்தங்களுக்கு எழுத்துல குடுத்துட்டீங்க. சார் உங்ககிட்ட டீக்கடைல பொலம்பினத மெயில்ல போடலாமா? அத கேட்டீங்களா முதல்ல?

நிட்டிங்_ஆளு:
கேக்கலக்கா 😐 நல்லதுதானே செய்யறோம்னு நினைச்சுட்டேன்.

வேலை_தேடும்_மதுரை:
எனக்கும் இதேதான் ஆச்சு, என் சித்தப்பா ஒரு கம்பெனி ஹெச்ஆருக்கு என் ரெஸ்யூம ஃபார்வர்டு பண்ணாரு, மூணு மாசமா பதில் இல்ல, நான் ஃபாலோ அப் மெயில் போடலாமா? எத்தன நாளுக்கு ஒரு தடவ?

பழைய_ஹெச்ஆர்:
மதுரை, அது வேலைக்கு சிபாரிசு, இது வேற. தனியா கேளுங்க, சொல்றேன்.

நிட்டிங், இனிமே இப்படி பண்ணுங்க. உதவி கேக்கறவர் யாரு, உதவி செய்யப்போறவர் யாருன்னு முதல்ல பிரிச்சுக்கோங்க. கேக்கறவர்கிட்ட போன்ல "உங்க விஷயத்த இவங்ககிட்ட சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம்"னு ரெண்டு நிமிஷம். அப்புறம் மேடத்துக்கு தனியா ஒரு மெசேஜ், "ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, டிசி வேலை, இப்ப டைம் இருக்கா, அறிமுகப்படுத்தவா"ன்னு. இதுல கம்பெனி பேரே வேண்டாம். அவங்க முடியாதுன்னா அங்கயே முடிஞ்சுது, சாருக்கு தர்மசங்கடம் கிடையாது. ரெண்டு பேரும் சரின்ன பிறகுதான் மெயில், அதுவும் இவ்வளவுதான்:

> சப்ஜெக்ட்: அறிமுகம்: (மேடம் பேர்), (சார் பேர்) – காட்ஸ் டிசி வேலை
>
> சார், இந்த மேடம் காட்ஸ் டிசி பேப்பர் வேலை மட்டும் பாக்கறாங்க. போன வருஷம் எங்க கம்பெனிக்கு செஞ்சு குடுத்தாங்க.
> மேடம், சார் (கம்பெனி பேர்) ப்ரொடக்‌ஷன் ஹெட். நான் அவர்கிட்ட 4 வருஷம் வேலை பாத்தேன்.
> நூல் மில்லு டிசி லேட்டானா கார்மெண்ட் டிசிக்கு அப்ளை பண்றதுல வர்ற சிக்கல் பத்தி சார் உங்ககிட்ட கேக்கணும்னார்.
> சார், இந்த வாரம் ஒரு நாள் நீங்களே மேடத்துக்கு டைம் சொல்லிடுங்க. இனி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க, நான் ஒதுங்கிக்கறேன்.

"திறமைசாலி", "தங்கமான மனுஷர்" எல்லாத்தையும் தூக்கிட்டேன் பாருங்க. ஒரு ஆள் "எங்களுக்கு செஞ்சு குடுத்தாங்க"ன்னா போதும், அதுக்கு மேல புகழ்ந்தா கமிஷன் வாங்கறானோன்னு தோணும். "4 வருஷம் வேலை பாத்தேன்"ங்கறத விட்டுராதீங்க, நடுவுல நிக்கற ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தவங்க நம்புவாங்க. ஹோல்டுங்கற வார்த்தையும் இல்ல, ஆனா மேடத்துக்கு விஷயம் புரிஞ்சுரும்.

அவினாசி_ரோடு:
அக்கா சொல்றது சரி, ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். திருப்பூர்ல எவன் மெயில் பாக்கறான், மூணு பேர் வாட்ஸ்அப் குரூப் போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும். அப்புறம் பேர் வரிசை, வயசுல பெரியவர் பேர்தான் முதல்ல வரணும், அது மெயிலானாலும் சரி கல்யாண பத்திரிகையானாலும் சரி.

பழைய_ஹெச்ஆர்:
குரூப்புல நம்பர் போயிரும், அப்புறம் அத விட்டு வெளிய வர்றதும் சங்கடம். தெரிஞ்ச ஆளுங்களுக்குள்ள ஓகே. பேர் வரிசை... நான் உதவி செய்யப்போறவங்க பேர முதல்ல போடுவேன், நீங்க பெரியவர்ங்கறீங்க, ரெண்டும் பாத்திருக்கேன்.

நிட்டிங்_ஆளு:
சரிக்கா. போன மெயிலுக்கு இப்ப என்ன பண்றது? அதே இழைல "மெயில் பாத்தீங்களா"ன்னு கேட்டுரவா?

பழைய_ஹெச்ஆர்:
ஐயோ வேண்டாம். ரெண்டு பேரையும் ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் கூண்டுல ஏத்தற மாதிரி ஆயிரும். தனித்தனியா போன் போடுங்க, சாருக்கு முதல்ல. மேடம் கிட்ட ஸ்பேம் பாக்கச் சொல்லுங்க, புது ஐடில இருந்து சார் ஏதாச்சும் போட்டிருந்தா அங்க கிடக்கலாம்.

நிட்டிங்_ஆளு (3 நாள் கழிச்சு):
போட்டேங்க. மேடம், "சார் கூப்பிடுவார்னு இருந்தேன்"னாங்க, அக்கா சொன்ன மாதிரியேதான். சார்தான் நல்லா வாங்கி விட்டார், "ஹோல்டு விஷயம் எங்க எம்டிக்கே அப்ப தெரியாது, நீ மெயில்ல போடற"ன்னு. மன்னிப்பு கேட்டேன். கடைசில "சரி, பொதுவா கேக்கறேன்னு போடு"ன்னார், அந்த நாலு வரிய போட்டேன், பெரியவர் பேர்தான் முதல்ல 😄

இன்னிக்கு காலைல சார் ரிப்ளை பண்ணார், "நன்றி தம்பி, உன்ன பிசிசிக்கு மாத்திட்டேன்"னு, வியாழக்கிழமை 4 மணின்னு மேடத்துக்கு டைம் குடுத்திருக்கார். அந்த ஒரு மெயிலோட சரி, அதுக்கப்புறம் மேடம் ரிப்ளை ஆல் அடிச்சாலும் எனக்கு வராதாமே, அப்ப பேசினாங்களா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

பழைய_ஹெச்ஆர்:
தெரிஞ்சுக்க வேண்டாம் தம்பி.

அவினாசி_ரோடு:
வெள்ளிக்கிழமை டீக்கடைக்கு போங்க, அவரே சொல்லுவார்.