பெரிய கோப்பையில் காபி ஏன் சப்பென்று இருக்கிறது?

திருபுவனம்காரன்:
அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் தஞ்சாவூரில் இரண்டு நாள் இருந்தேன். பக்கத்தில் புதிதாகத் திறந்த காபிக் கடையில் லாட்டே சிறியது 170 ரூபாய், நடுத்தரம் 210, பெரியது 250. இரவெல்லாம் கண் விழித்தவன், நன்றாக உறைக்கட்டும் என்று பெரியதை வாங்கினேன். சூடான பாலுக்குக் காபி வாசனை காட்டியதுபோல் இருந்தது. முதல் நாள் அதே கடையில் குடித்த நடுத்தரம் நன்றாகத்தான் இருந்தது. ஏமாற்றுகிறார்களா, என் நாக்குதான் கெட்டுவிட்டதா?

வெண்ணாற்றங்கரை:
உங்கள் நாக்கில் குறையில்லை. இந்தக் கடைகளில் எந்தக் கோப்பை வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு ஷாட் எஸ்பிரெசோ, இயந்திரத்தில் இறக்கும் கெட்டிக் காபி ஒரு சிறு அளவு. மிச்சமெல்லாம் பால். கோப்பை பெரிதானால் பால் கூடும், காசு கூடும், காபி கூடாது. எப்போதும் சிறியதை வாங்குங்கள், அதுதான் கெட்டி.

டபரா செட்:
சிக்கரி கலந்திருப்பார்கள். என் மாமியார் கும்பகோணத்தில் காபிக் கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் நின்று, சிக்கரி ஒரு சிட்டிகைகூடச் சேரக்கூடாது என்று சண்டை போட்டு வாங்கி வருவார். அந்தக் காபியின் மணம் தெருக்கோடி வரை வரும்.

அரசலாறு:
அம்மா, சிக்கரிச் சண்டை நம் ஃபில்டர் காபிக்கு உரியது. எஸ்பிரெசோ கடைகளில் பொதுவாகச் சிக்கரி போடுவதில்லை. இங்கே சிக்கல் அளவில் இருக்கிறது.

நான் சென்னையில் நான்கு ஆண்டுகள் எஸ்பிரெசோ இயந்திரத்தின் முன் நின்றவன், இப்போது கும்பகோணத்தில் சொந்தக் கடை. வெண்ணாற்றங்கரை சொல்வது பாதி சரி. பெரியதில் காபி கூடுவதில்லை என்பது பல கடைகளில் உண்மை. ஆனால் சிறியதுதான் கெட்டி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணக்கை எல்லாரும் அறிந்த ஸ்டார்பக்ஸ் அளவில் பார்ப்போம். அமெரிக்காவில் அவர்களுடைய சூடான லாட்டேயில் 'டால்' என்பது ஏறக்குறைய 355 மி.லி., அதில் ஒரு ஷாட். 'கிராண்டே' 475 மி.லி., இரண்டு ஷாட். 'வென்டி' 590 மி.லி., அதற்கும் இரண்டே ஷாட். ஒரு ஷாட்டை 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால், டாலில் பன்னிரண்டில் ஒரு பங்கு காபி, கிராண்டேயில் எட்டில் ஒரு பங்கு, வென்டியில் பத்தில் ஒரு பங்கு. மூன்றிலும் நீர்த்தது சிறியது! கெட்டியானது நடுத்தரம். நடுத்தரத்திலிருந்து பெரியதற்குப் போகும்போது கூடுவது 115 மி.லி. பால் மட்டும். திருபுவனம்காரருக்கு நடுத்தரம் பிடித்துப் பெரியது சப்பென்று இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
அப்படியென்றால் பெரியதைக் குடித்தால் தூக்கம் வரும் என்கிறீர்களா?

அரசலாறு:
இல்லை. கிராண்டேயிலும் வென்டியிலும் கேஃபீன் ஒன்றே, ஏறக்குறைய 150 மில்லிகிராம். டாலில் அதில் பாதி. நாக்குக்குத் தெரிவது பங்கு, கண்ணுக்குத் தெரிவது மொத்தம். அவர் பெரியதை முழுவதும் குடித்திருந்தால் நடுத்தரம் விழிக்க வைத்த அளவுக்கு அதுவும் விழிக்க வைத்திருக்கும். குடிக்கும்போது மட்டும் நம்பிக்கை வராது.

ஐயம் இருந்தால் வீட்டில் பாருங்கள். ஒரே டிகாஷனை இரண்டு டம்ளரில் சமமாக விட்டு, ஒன்றில் ஒரு மடங்கு பாலும் இன்னொன்றில் இரண்டு மடங்கும் ஊற்றிக் குடித்தால் இரண்டாவது உங்களுக்குப் 'பால் காபி' ஆகிவிடும். டிகாஷன் மட்டும் அதேதான்.

பாபநாசம் பசு:
இதற்கு இவ்வளவு கணக்கா? அதே பொடியில் இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு ஷாட்டை நீட்டித் தரச் சொன்னால் போதாதா? கடைக்காரருக்கும் செலவில்லை.

அரசலாறு:
தம்பி, உங்கள் வீட்டில் இரண்டாம் டிகாஷன் போடுவதுண்டா? அதைத் தனியாக நாக்கில் வைத்துப் பாருங்கள். நான் 18 கிராம் பொடி போட்டு, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறக்குகிறேன். அது இரட்டை ஷாட். தாரை முதலில் கருஞ்செம்பழுப்பாகத் தேன்போல இறங்கும், பிறகு வெளுத்து, நூலாகி, தண்ணீர்போல ஓடும். வெளுத்த பிறகும் ஓடவிட்டால் கோப்பையில் அளவு கூடும், கசப்பும் கூடும், கனம் குறையும். சில கடைகளில் பெரிய கோப்பைக்கு இப்படித்தான் செய்கிறார்கள். முன்னால் நின்றால் தாரையின் நிறத்திலேயே தெரிந்துவிடும். பால் சூடாக இருக்கும்போது கசப்பு மறைந்து, ஆறியதும் நாக்கின் அடியில் பிடித்துக்கொள்வதும் ஓர் அடையாளம்.

வெண்ணாற்றங்கரை:
சரி, 40 ரூபாய் கூட வாங்குகிறவர்கள் மூன்றாவது ஷாட்டைப் போட என்ன தயக்கம்? லாபம்தானே?

அரசலாறு:
லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், நானும் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. பொடியை வைத்து இயந்திரத்தில் மாட்டும் கைப்பிடியில் ஒரு தடவை இறக்கினால் இரண்டு ஷாட் வந்துவிடும். மூன்றாவதுக்கு மறுபடியும் பொடி அரைத்து, அழுத்தி, இன்னொரு தடவை இறக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அந்த அரை நிமிடம் பெரியது. அமெரிக்கானோ என்பது எஸ்பிரெசோவில் வெந்நீர் ஊற்றுவது. அதில் பால் கிடையாது, அதனால் காபி குறைந்தால் தண்ணீரில் மறைக்க முடியாது. ஸ்டார்பக்ஸில் அதற்கு அதே மூன்று கோப்பைக்கு 2, 3, 4 ஷாட் என்று போடுகிறார்கள். பெரியதுதான் சற்றுக் கெட்டி. ஆகவே கோப்பையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

சின்னச் சின்னத் தனிக் கடைகள் பலவற்றில் எல்லாக் கோப்பைக்கும் இரட்டை ஷாட்தான். அங்கே போனால் வெண்ணாற்றங்கரை சொன்னதே சரி, சிறியதுதான் கெட்டி. என் கடையிலும் அப்படித்தான்.

வெண்ணாற்றங்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

டபரா செட்:
எங்கள் தெருமுனைக் கடையில் டம்ளர் ஒரே அளவு. மாஸ்டர் கேட்பது 'ஸ்ட்ராங்கா, லைட்டா' என்று மட்டும். ஸ்ட்ராங் என்றால் டிகாஷன் கூடும், பால் குறையும். உங்கள் கடைகளில் ஏன் அளவை மட்டும் கேட்கிறார்கள்?

அரசலாறு:
நல்ல கேள்வி, அம்மா. பட்டியலில் கோப்பை அளவை எழுதுகிறார்கள், ஷாட் எண்ணிக்கையை எழுதுவதில்லை. 'இதில் எத்தனை ஷாட்?' என்று நாம்தான் கேட்க வேண்டும். பதில் தெரியாத பையன் இருந்தால், கைப்பிடியின் அடியில் இரண்டு தாரையும் ஒரே கோப்பையில் விழுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் விழுந்தால் இரட்டை. ஒன்று வேறு கோப்பைக்குப் போனால் உங்களுக்கு ஒன்றுதான்.

திருபுவனம்காரன்:
நேற்று மறுபடியும் போனேன். அப்பா தேறிவிட்டார், நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பையனிடம் கேட்டேன். சிறியதில் ஒன்று, நடுத்தரத்தில் இரண்டு, பெரியதிலும் இரண்டு என்றான். கூடுதல் ஷாட்டுக்கு 60 ரூபாயாம். சிறியதையே வாங்கி ஒரு ஷாட் கூட்டச் சொன்னேன். 230 ரூபாய். கடைசிச் சொட்டு வரை காபியாக இருந்தது.

வெண்ணாற்றங்கரை:
நடுத்தரத்திலும் அதே இரண்டு ஷாட், 210 ரூபாய். 20 ரூபாய் கூடக் கொடுத்துப் பாலைக் குறைத்து வாங்கியிருக்கிறீர்கள்.

திருபுவனம்காரன்:
பால் வேண்டுமானால் எங்கள் கொல்லையிலேயே இரண்டு மாடு நிற்கிறது.