பழைய வாஷிங் மெஷின் விளம்பரம்: படம் அவர்களே எடுத்ததா, எங்கிருந்தோ எடுத்துப் போட்டதா?

நித்யா: வணக்கம். இங்கே குடிவந்து சில வாரம்தான் ஆகிறது. பழைய ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன். நான்கு படமும் பளிச்சென்று இருக்கின்றன. கூகுள் லென்ஸில் போட்டால் அதே மாடல் கடைகளில் விற்பதைத்தான் காட்டுகிறது, இதே படம் வரவில்லை. அப்படியென்றால் நம்பலாமா?

செந்தில்: வேறெங்கும் இல்லையென்றால் அவர் எடுத்த படம்தான், தைரியமாக வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் படத்தை இறக்கி அதன் விவரத்தைப் பாருங்கள். எடுத்த தேதியும் கேமரா பெயரும் இருக்கும்.

ரேவதி: செந்தில் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. தேதி, கேமரா விவரமெல்லாம் கேமராவிலிருந்து நேரடியாக வந்த கோப்பில்தான் இருக்கும். விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் படம் ஏறும்போதே அதை நீக்கிவிடும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலும் இருக்காது. அதனால் விவரம் இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தேடலில் வராததும் அப்படித்தான். உள்நுழைந்தால்தான் தெரியும் தளங்களில் கிடக்கும் பழைய விளம்பரங்கள் தேடுபொறிக்கு எட்டுவதில்லை. திருடுபவர்கள் அங்கிருந்தும் எடுத்திருக்கலாம். கிடைத்தால் உறுதி, கிடைக்காவிட்டால் ஒன்றும் உறுதியில்லை.

நித்யா, லென்ஸ் ஒரே மாதிரிப் பொருளைத் தேடித் தருவதால் மெஷினைப் பார்த்துக் கடைப் படங்களைக் கொட்டுகிறது. அதில் Exact matches என்ற பகுதி வந்தால் அதைத் திறந்து பாருங்கள். பிறகு அதே படத்தை TinEye தளத்திலும் போடுங்கள். அது அந்தப் படத்தின் நகல்களைத்தான் தேடும், Oldest என்று வரிசைப்படுத்தினால் முதலில் தென்பட்ட இடம் மேலே வரும். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கக்கூடும், நீங்களும் திருப்பி ஒருமுறை தேடுங்கள். மெஷின் மேல் உள்ள எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் தேடவே வேண்டாம்.

அப்புறம் மெஷினை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பாருங்கள். நான்கு படத்திலும் தரை ஒன்றா? சுவரில் பிளக் பாயிண்ட் தெரிகிறதா? பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவில் செவ்வகத் துளை மூன்று, ஆஸ்திரேலியாவில் சாய்ந்த துளைகள். நீங்கள் இருக்கும் ஊரில் இல்லாத பாயிண்ட் படத்தில் இருந்தால், அது இங்கே எடுத்த படம் இல்லை.

பஷீர்: எனக்கும் இதே கதைதான். வாடகை வீட்டுப் படம் அனுப்பி, சாவி கூரியரில் வரும், அட்வான்ஸ் அனுப்புங்கள் என்கிறார்கள். சமையலறைப் படம் ஹோட்டல் மாதிரி இருக்கிறது. இதற்கும் லென்ஸ் போதுமா?

நித்யா: அக்கா, பார்த்துவிட்டேன்! மூன்று படத்தில் மரத்தரை. கதவைத் திறந்து வைத்த படத்தில் மட்டும் வெள்ளை டைல்ஸ், அந்தப் படத்தின் அடி விளிம்பில் மெல்லிய கறுப்புப் பட்டை. TinEye-இல் ஒன்றும் இல்லை.

ரேவதி: அந்தப் பட்டை, யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டியதன் மிச்சமாக இருக்கலாம். ஆனாலும் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். மெஷின் உண்மையாகவே இருக்கலாம், தேய்ந்து துருப்பிடித்திருப்பதால் வேறொருவரின் நல்ல படத்தைப் போட்டிருக்கலாம். இப்படியும் நடப்பதுண்டு.

அதனால் புதுப்படம் கேளுங்கள். 'இன்னொரு படம் அனுப்புங்கள்' என்றால் சேமித்து வைத்ததை அனுப்புவார்கள். சோப்புத்தூள் டிராயரைப் பாதி இழுத்து, உங்கள் பெயர் எழுதிய தாளை அதில் செருகி, கதவையும் திறந்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாளின் ஒரு பகுதி டிராயருக்குள் மறைந்திருக்க வேண்டும். சும்மா முன்னால் காட்டும் தாளை ஒட்டுவேலையில் சேர்ப்பது சுலபம். கதவு வளையத்தின் உள்பக்கம் மாடல் எண், சீரியல் எண் உள்ள தகடு பெரும்பாலும் இருக்கும், அதையும் கிட்டத்தில் கேளுங்கள்.

படம் வந்ததும் பழைய படத்தில் உள்ள கீறலோ ஸ்டிக்கரோ இதிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பொருந்தினால்தான் இரண்டும் ஒரே மெஷின்.

நித்யா: தாளோடு படம் வந்துவிட்டது. ஆனால் விளம்பரத்தில் மேல் இடது மூலையில் இருந்த மின்சிக்கன ஸ்டிக்கர் இதில் இல்லை. உரித்துவிட்டேன் என்கிறார்.

செந்தில்: உரித்திருக்கலாமே, நான்கூட உரித்துவிடுவேன்.

ரேவதி: இருக்கலாம். பல நாள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் கீழ் நிறம் சற்று வேறாகவோ பசையோ தெரியலாம், புதிதாக உரித்தால் அது கூடத் தெரியாமல் போகலாம். அந்த மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், தகடு படம் வராமல் மேலே போகாதீர்கள். முன்பணம் மட்டும் வேண்டாம். நேரில் போய், தண்ணீர் இணைப்போடு ஒருமுறை ஸ்பின் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பஷீர், உங்களுக்கும் படத்தேடல் செய்யுங்கள், ஹோட்டல் படமென்றால் சிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். அந்த வீடு யாருடையது என்பதைப் படம் சொல்லாது. அதை வேறு வழியில்தான் விசாரிக்க வேண்டும்.

நித்யா: தகடு கேட்டேன். சனிக்கிழமை அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.