இரண்டு பக்கக் கதைச்சுருக்கம்: கிளைக்கதையை எங்கே வைப்பது?

போட்டிக்கு 110 பக்கத் திரைக்கதை. சுருக்கம் இரண்டு பக்கம், முடிவையும் சொல்லியாக வேண்டும். முதல் வரைவு ஐந்து பக்கம் போய்விட்டது. காரணம் புரிகிறது: "பிறகு", "அடுத்து" என்றே காட்சிகள் கோர்க்கப்பட்டிருந்தன. "அதனால்", "ஆனால்" போட்டு இணைக்க முடியாதவற்றை வெட்டியதும் இரண்டரைக்கு வந்துவிட்டது.

உதாரணமாக, நாயகி மாலதி இறந்துபோன அப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு ஏழு வீடுகளில் போட்டுப் பார்க்கிறாள். திரைக்கதையில் ஏழு காட்சிகள், சுருக்கத்தில் இப்போது ஒரே வரி: "ஆறு கதவுகள் திறக்கவில்லை, ஏழாவது வீட்டுக்காரர் சாவியைப் பார்த்ததுமே பயந்துபோவதால், அப்பா எதையோ மறைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிகிறது." அவள் முடிவு மாறும் இடம் அது ஒன்றுதான்.

சிக்கல் தம்பியின் கிளைக்கதையில். கடனுக்காக அவன் குடும்ப வீட்டை ரகசியமாக விற்கப் பார்க்கிறான். அதை நீக்கினால், உச்சக்கட்டத்தில் அவன் சாவியைத் திருடுவது வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கிறது. முழுதாகச் சொன்னால் அரைப் பக்கம் போய், மாலதியின் இழை அறுந்துவிடுகிறது.

முதல் பத்தியில் அவளை அறிமுகப்படுத்தும்போதே "கடனில் மூழ்கிய தம்பியோடு" என்று விதைத்துவிட்டு, நடுவில் ஒரு வரி, பிறகு நேராகத் திருட்டு என்று போனால் போதுமா? இல்லை, நடுப்பகுதியில் அவனுக்குத் தனிப் பத்தியே வேண்டுமா? எழுத்தளவைக் குறைத்து இடம் பிடிக்கும் யோசனை வேண்டாம், படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். போட்டிகளுக்குத் திரைக்கதை வாசித்துத் தேர்வு செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.