லேண்ட்லைன் வயர் மாற்றியதும் டயல் டோன் போய்விட்டது, அவசரம்

ராயபுரம் செல்வா
எலி போன் வயரைக் கடித்துவிட்டது. பரணில் வேறு வயர் இருந்தது, எடுத்து மாட்டினேன். டயல் டோன் இல்லை, ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை. பகலில் அம்மா தனியாக இருக்கிறார், செல்போன் அவருக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வண்ணை மணி
எந்த வயர் அண்ணா? சுவரிலிருந்து போனுக்கு வருவதா, போனிலிருந்து ரிசீவருக்குப் போவதா? மாட்டியது தட்டை வயரா, சுருள் வயரா?

காசிமேடு ரவி
வயரில் ஒன்றும் இருக்காது. கடல் காற்றில் ஜாக்கின் உள்ளே பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள், டோன் வந்துவிடும்.

பெரம்பூர் டெலிகாம்
படம் இல்லை, போன் மாடல் இல்லை, எந்த வயர் என்றும் இல்லை. இதற்கு யார் பதில் சொல்வது? கேட்கத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ரவி, அந்தக் கம்பிகளின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. உப்புத்தாள் போட்டால் அது போய்விடும், அப்புறம்தான் நிஜமாகவே பச்சை பூக்கும்.

காசிமேடு ரவி
எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சரிசெய்கிறோம் சார். நன்றாகத்தான் ஓடுகிறது.

ராயபுரம் செல்வா
சுவர்ப் பக்க வயர்தான். ஃபைபர் பெட்டியிலிருந்து போனுக்கு வருவது. மாட்டியது பழைய போனின் சுருள் வயர். இரண்டு முனையும் உள்ளே போகிறது. முனையைக் கையால் பிடித்து அழுத்தினால் ஒரு நொடி டோன் வந்து போகிறது.

தண்டையார்பேட்டை குமார்
சுருள் வயரில் 4 கம்பி, லைன் வயரில் 2 கம்பி. கம்பி எண்ணிக்கை ஒத்துப்போகாததால்தான் வேலை செய்யவில்லை. முனையை வெட்டிவிட்டு, கடிபட்ட வயரோடு இரண்டு கம்பியை முறுக்கி இணைத்துவிடுங்கள்.

பழைய லைன்மேன்
குமார் தம்பி, எண்ணிக்கை சரிதான், காரணம் அதுவல்ல. லைன் வயரிலேயே 4 கம்பி உள்ளது கடையில் கிடைக்கும், நன்றாக வேலை செய்யும். லைனுக்கு நடு இரண்டு கம்பி போதும், மற்றவை சும்மா கிடக்கும்.

செல்வா, சிக்கல் முனையின் அகலத்தில். லைன் முனை சுமார் 9.6 மி.மீ. அகலம், சுருள் வயரின் முனை 7.6 மி.மீ. தான். அதனால் லைன் துளைக்குள் தாராளமாகப் போகும், ஆனால் பக்கத்துக்கு 1 மி.மீ. ஆடும். உள்ளே இருக்கும் கம்பிகளுக்கு இடைவெளியும் ஏறக்குறைய அதே 1 மி.மீ. முனை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எல்லாக் கம்பியும் ஓர் இடம் தள்ளிப் போய்விடும். நீங்கள் அழுத்தும்போது முனை நடுவுக்கு வருகிறது, டோன் வருகிறது. கையை எடுத்தால் போய்விடுகிறது.

இன்னொன்று. சிறிய முனையின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக், ஜாக்கின் ஓரக் கம்பிகளை அமுக்கி வளைத்துவிடும். உடனே கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

சுருள் வயரை வெட்டி முறுக்குவதும் நடக்காது. உள்ளே இருப்பது நூலின் மேல் சுற்றிய மெல்லிய செம்புத் தகடு. இழுத்துச் சுருங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். முறுக்கினால் நூல் மட்டும்தான் கையில் வரும், ஈயமும் ஒட்டாது. கடையில் இரு பக்கமும் அகல முனை உள்ள தட்டை லைன் வயர் கேட்டு வாங்குங்கள்.

ஷர்மிளா, மாதவரம்
எங்கள் அலுவலக போனில் டோன் நன்றாகக் கேட்கிறது, ஆனால் என் குரல் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. இதுவும் முனை அகலம்தானா?

பழைய லைன்மேன்
இல்லையம்மா, டோன் வருவதால் லைன் வயர் சரி. பெரும்பாலான போன்களில் சுருள் வயரின் நடு இரண்டும் காதுக்கு, ஓர இரண்டும் மைக்குக்கு. ஓரக் கம்பி ஒன்று அறுந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ரிசீவரில் ஊதிப் பாருங்கள், காதில் உங்கள் மூச்சு கேட்கிறதா? பக்கத்து மேசையின் சுருள் வயரை மாற்றிப் போட்டும் பாருங்கள்.

ஷர்மிளா, மாதவரம்
ஊதினால் கேட்கவில்லை. வயரை மாற்றிப் போட்டும் அதேதான்.

பெரம்பூர் டெலிகாம்
அப்படியானால் மைக் போயிருக்கும்.

பழைய லைன்மேன்
மைக்காகவும் இருக்கலாம், போனில் ரிசீவர் மாட்டும் ஜாக்காகவும் இருக்கலாம். பக்கத்து மேசை ரிசீவரையே கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ராயபுரம் செல்வா
தட்டை வயர் வாங்கிப் போட்டேன். கிளிக் என்று உட்கார்ந்தது, டோன் வந்துவிட்டது. நன்றி ஐயா.

வண்ணை மணி
நல்லது அண்ணா. ஃபைபர் பெட்டியின் ஜாக்கில் ஓரக் கம்பி வளைந்திருந்ததா? என் வீட்டிலும் யாரோ சுருள் வயரைச் செருகி வைத்திருந்தார்கள், கழற்றலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய லைன்மேன்
யோசிக்காமல் கழற்றுங்கள் தம்பி. லைனுக்கு நடு இரண்டு கம்பிதான் வேண்டும், அவை நிமிர்ந்து நின்றால் போதும்.