மிக்சி உத்தரவாத அட்டையும் ரஷ்ய மொழியில் நாள் கணக்கும்: உங்கள் அனுபவம் என்ன?

தொடக்கப் பதிவு
கோவையில் மிக்சி தயாரிக்கும் ஒரு நிறுவனம் ரஷ்யாவில் இணையவழியே விற்கப்போகிறது. உத்தரவாத அட்டையும் திருப்பியளிக்கும் விதிகளும் ரஷ்ய மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்துள்ளன. ‘7 நாள்களுக்குள் திருப்பித் தரலாம்’ என்பது மூலம். முன்பு ஒருவர் அதை ‘செரெஸ் 7 த்னேய்’ என்று எழுதியிருக்கிறார். அதன் பொருள் 7 நாள் கழித்து! எட்டாம் நாள் ஒருவர் பெட்டியோடு வந்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? ‘அந்தக் காலத்துக்குள்’ எனப் பொருள்படும் ‘வ் தெச்சேனியே’ என்று திருத்திவிட்டேன். ஆனால் எந்த நாளிலிருந்து 7 என்பது மூலத்திலேயே இல்லை. பார்சல் விளாதிவஸ்தோக் போய்ச் சேருவதற்குள் வாங்கிய தேதியிலிருந்து 7 நாள் ஓடிவிடுமே.

மறுமொழி 1
ரஷ்யச் சட்டத்தில் 14 நாள். 7 என்பதையே 14 ஆக மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 2
மாற்றாதீர்கள். அந்த 14 நாள், கடையில் வாங்கிய நல்ல பொருள் அளவோ நிறமோ பொருந்தாதபோது மாற்றிக்கொள்வதற்கு. வாங்கிய நாள் அதில் சேராது. இணையவழி விற்பனைக்கு நுகர்வோர் சட்டத்தின் 26.1ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்தபின் 7 நாள். திருப்பும் முறையை ஒப்படைக்கும்போது எழுத்தில் தராவிட்டால் அது 3 மாதமாகிவிடும். ஆகவே ‘பொருள் ஒப்படைக்கப்பட்ட பின்’ என்று சேர்க்கலாமா என நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். எண்ணையோ தொடக்க நாளையோ நாமே முடிவு செய்வது நம் வேலை அல்ல.

மறுமொழி 3
என் மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். அவனுடைய லேப்டாப் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடக்கிறது. இந்த 7 நாள் விதிப்படி பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

மறுமொழி 2
ஐயா, அது வேறு. பழுதுபார்க்கும் காலத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்படைத்த ரசீதில் என்ன தேதி இருக்கிறது என்று மகனிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்டதும் நல்லதாயிற்று. மிக்சி அட்டையில் பழுதுபார்க்க ‘30 வேலை நாள்’ என்று இருக்கிறதா? சாதாரண மாதங்களில் அது 42 நாள்காட்டி நாள். ரஷ்யாவில் ஜனவரி 1 முதல் 8 வரை விடுமுறை என்பதால், டிசம்பர் கடைசியில் கொடுத்த மிக்சிக்கு அதே 30 வேலை நாள் 45ஐத் தாண்டிவிடும். ‘வேலை’ என்ற சொல்லை விட்டுவிட்டால் நிறுவனத்துக்கு இழப்பு. விடாமல் எழுதினால் சட்டத்தோடு மோதும். அப்படியே மொழிபெயர்த்து, ஓரத்தில் குறிப்பு வைத்து அனுப்புங்கள்.

தொடக்கப் பதிவர்
அட்டையில் 30 வேலை நாள்தான் இருக்கிறது! குறிப்பு எழுதுகிறேன். இன்னொன்று: ‘பெட்டி திறக்காமல் இருந்தால் மட்டுமே திருப்பலாம்’ என்கிறார்கள். மிக்சியைத் திறக்காமல் யார் பார்ப்பார்?

மறுமொழி 2
சட்டம் கேட்பது பொருளின் விற்பனைத் தோற்றமும் பயன்பாட்டுத் தன்மையும் கெடாமல் இருப்பதை. முத்திரை பிரித்த பெட்டி அதில் சேருமா என்பதில் விற்பவர்களும் வாங்குபவர்களும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் உறுதியான விடை இல்லை. அவர்கள் சட்ட ஆலோசகரிடம் போகட்டும்.

மறுமொழி 1
14 நாள் கடைக்கு மட்டுமே என்பது எனக்குப் புதிது. ஆனாலும் நிறுவனமே விரும்பி 14 கொடுத்தால்?

மறுமொழி 2
தாராளமாகக் கொடுக்கலாம், அதை நிறுவனமே எழுதிக் கொடுத்தால்.