மேனேஜர் தேடி 3 மாதம் ஆகிவிட்டது, யாரும் தங்கவில்லை. தப்பு சம்பளத்திலா, விளம்பரத்திலா?

பட்டறைக்காரன்:
ஆர்டருக்கு மரச்சாமான் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை. என்னையும் சேர்த்து 5 பேர். எச்.ஆர். என்று தனியாக யாரும் கிடையாது, எல்லாம் நான்தான். வேலை கூடிப்போய் தூக்கம் கெட்டதால் “மேனேஜர் தேவை, கணக்கு, வாடிக்கையாளர் தொடர்பு, ஆன்லைன் விற்பனை, ஆட்களை மேற்பார்வை செய்தல் தெரிந்திருக்க வேண்டும், தகுதிக்கேற்ற சம்பளம்” என்று வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டேன். 90 விண்ணப்பம் வந்தது. 11 பேரிடம் பேசி ஒருவரை எடுத்தேன். 6 வாரத்தில் போய்விட்டார். போகும்போது, “என் வேலை என்னவென்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை சார்” என்றார். மறுபடி விளம்பரம் போடுவதற்கு முன் கேட்கிறேன்: சம்பளத்தைக் கூட்டவா, வேறு தளத்தில் போடவா?

நேர்வழி:
கூட்டுங்கள். 20 சதவீதம் கூடப் போட்டால் நல்ல ஆள் தானாக வருவார். அப்புறம் அந்தத் “தகுதிக்கேற்ற சம்பளம்” என்ற வரியை முதலில் தூக்குங்கள், அதைப் பார்த்தாலே நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன்.

தெரிந்தவர்_போதும்:
தளமெல்லாம் எதற்கு? தெரிந்தவர் மூலம் எடுங்கள். நான் என் மச்சான் மகனை எடுத்தேன். நல்ல பையன், ஆனால் 10 மணிக்கு முன்னால் வரமாட்டான். இரண்டு வருடமாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, வீட்டில் பிரச்சினை ஆகிவிடும்.

நேர்வழி:
@தெரிந்தவர்_போதும் இது யோசனையா, எச்சரிக்கையா?

பழைய_கணக்கர்:
20 வருடம் சின்ன நிறுவனங்களில் கணக்கும் ஆளெடுப்பும் சேர்த்துப் பார்த்தவன். சம்பளத்தைப் போடச் சொன்னது சரி. ஆனால் இதே விளம்பரத்தில் சம்பளத்தை மட்டும் கூட்டினால் இதே மாதிரி ஆட்கள்தான் இன்னும் அதிகமாக வருவார்கள், ஏனென்றால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு ஆளை இல்லை, மூன்று ஆளை. போனவர் சொன்ன வாக்கியத்தில் பதில் இருக்கிறது.

விளம்பரத்தை விட்டுவிட்டு ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரம், அரை மணிக்கு ஒரு தடவை, என்ன செய்தீர்கள் என்று ஒரே வரி. ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள், எரிச்சலூட்டிய வேலை மட்டும்தான் ஞாபகம் வரும். வாரக் கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறியுங்கள்: நான்தான் செய்ய வேண்டும், சொல்லிக்கொடுத்தால் இன்னொருவர் செய்வார், யாருமே செய்யத் தேவையில்லை. முடித்துவிட்டு வாருங்கள்.

பட்டறைக்காரன்: (9 நாள் கழித்து)
எழுதினேன், பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. மொத்தம் 58 மணி நேரம். போனில் மட்டும் 21, அதில் 13 மணி நேரம் “எப்போ ரெடியாகும்?” என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொன்னது! அளவெடுத்து விலை சொல்வது 14. பில் போட்டுப் பாக்கி வசூலிப்பது 7. கீல், திருகு வாங்க அலைந்தது 6. ஆன்லைன் விற்பனை 1. மிச்சம் 9 மணி நேரம்தான் பட்டறையில் நின்றிருக்கிறேன்.

பழைய_கணக்கர்:
அந்த 14 உங்களுடையது, அதை யாரிடமும் கொடுக்காதீர்கள். 13-ஐ ஆள் போட்டுத் தீர்ப்பதற்கு முன், ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லா வாடிக்கையாளருக்கும் “உங்கள் அலமாரி இந்த நிலையில் இருக்கிறது, இந்தத் தேதிக்கு வரும்” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பாதி அழைப்பு நின்றுவிடும் என்று நினைக்கிறேன். மீதி அழைப்பு, பில், வசூல், சாமானுக்கு ஆர்டர் சொல்வது எல்லாம் சேர்ந்து நாளைக்கு 4 மணி நேர வேலை. அதற்கு மேனேஜர் வேண்டாம், ஆர்டர்களைப் பின்தொடர அரைநாள் ஆள் போதும்.

இப்போது பட்ஜெட். சம்பளம் 100 என்றால் செலவு 100 இல்லை. உங்கள் ஊர்ச் சட்டப்படி முதலாளி கட்ட வேண்டியது, சம்பளத்தோடு விடுப்பு, போன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 125 என்று வையுங்கள், சட்டத்தைப் பொறுத்து கூடும் குறையும். 100-க்கு ஒரு ஆர்டர் செய்தால், மரம், கூலி, வண்டி போக உங்களுக்கு எவ்வளவு நிற்கும்?

பட்டறைக்காரன்:
30 நிற்கும்.

பழைய_கணக்கர்:
அப்படியானால் அந்த 125-ஐ ஈடுகட்ட மாதம் 417-க்குக் கூடுதலாக ஆர்டர் வர வேண்டும். மிச்சமாகும் நேரத்தில் அது வருமா என்பதுதான் கேள்வி. ஒரு இடத்துக்குப் போய் விலை சொல்ல 2 மணி நேரம், மூன்றில் ஒன்று ஆர்டராகிறது என்றால், வாரத்துக்கு 12 மணி நேரம் கிடைத்தாலே 2 புது ஆர்டர், மாதத்துக்கு 8. இதை உங்கள் சராசரி ஆர்டர் தொகையால் பெருக்கிப் பாருங்கள். வந்தாலும் முதல் 2 மாதம் பழக்குவதில் போகும், வாடிக்கையாளரும் பணத்தை இழுப்பார்கள், அதனால் 3 மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்து வைக்காமல் ஆள் எடுக்காதீர்கள்.

நேர்வழி:
சரி, சம்பளத்தைக் கூட்டு என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அரைநாள் வேலைக்கு யார் வருவார்கள்? இரண்டு மாதத்தில் முழுநாள் வேலை கிடைத்ததும் ஓடிவிடுவார்கள்.

மறுபடி_வேலைக்கு:
நான் வருவேன். குழந்தைக்காக 5 வருடம் வேலையை விட்டவள். எனக்கு முழுநாள் முடியாது, அரைநாள் வேலையை எங்கும் பார்க்க முடிவதில்லை. விளம்பரத்தின் முதல் வரியிலேயே நேரத்தைப் போட்டால் எங்களைப் போன்றவர்கள் நின்று படிப்போம். பணி ஓய்வு பெற்ற கணக்கர்களும் இதையேதான் தேடுகிறார்கள்.

பழைய_கணக்கர்:
இதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், அப்புறம் நீங்கள் கீல் வாங்கும் கடைக்காரரிடம், பழைய வாடிக்கையாளர்களிடம். ஆனால் நீங்கள் வேலையை விட்டு நிறுத்த முடியாத சொந்தக்காரர் வேண்டாம், மச்சான் மகன் கதையைப் பார்த்தீர்கள். 10 நாளில் யாரும் வராவிட்டால் தளத்தில் போடுங்கள், இந்த மாதிரி:

“தினமும் 9 முதல் 1 வரை. சம்பளம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை. 15 முதல் 20 ஆர்டர்களின் நிலையைப் பார்த்து வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல வேண்டும், பில் போட வேண்டும், பாக்கி கேட்க வேண்டும். மரவேலை தெரிய வேண்டியதில்லை.”

பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேர வேலை கொடுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள். பெயரை மறைத்த 3 ஆர்டர் சீட்டும், கோபமான வாடிக்கையாளரின் ஒரு செய்தியும். ஒரு சீட்டில் மரம் வரும் தேதிக்கு முன்னால் டெலிவரி தேதியை எழுதி வையுங்கள். யாருக்கு முதலில் போன் செய்வீர்கள் என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, அவர் வாசல் தாண்டியதும் மதிப்பெண் போட்டுவிடுங்கள்.

பட்டறைக்காரன்: (5 வாரம் கழித்து)
சனிக்கிழமைச் செய்தியால் 13 மணி நேரம் 7-க்கு வந்துவிட்டது. தளம் வரைக்கும் போகவே இல்லை. 6 பேர் வந்தார்கள், 4 பேருக்குச் சீட்டைக் கொடுத்தேன், இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் தேதித் தப்பை இரண்டு நிமிடத்தில் பிடித்து பென்சிலால் வட்டம் போட்டார், ஆனால் கோபக்காரருக்கு எழுதிய பதில் நோட்டீஸ் மாதிரி இருந்தது. இன்னொருவர் எழுதியதைப் படித்தால் எனக்கே கோபம் இறங்கியது, தேதியைக் கவனிக்கவில்லை.

நேர்வழி:
இரண்டாமவர். கனிவு பிறவியிலேயே வருவது, தேதி பார்க்கப் பழக்கிவிடலாம்.

பழைய_கணக்கர்:
நான் முதலாமவரை எடுப்பேன். வாடிக்கையாளருக்கு அனுப்பும் 5 செய்திகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடலாம், கண்ணைக் கொடுக்க முடியாது. முடிவு செய்யும் முன் இரண்டு பேரின் பழைய முதலாளிகளுக்கும் போன் செய்து, “மறுபடி எடுப்பீர்களா?” என்று மட்டும் கேளுங்கள், பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

பட்டறைக்காரன்:
ஒருவர் “உடனே” என்றார். இன்னொரு நம்பரை எடுக்கவில்லை. திங்கள் மறுபடி அடித்துப் பார்க்கிறேன்.