புதுப்பிப்பு: மேலாளரிடம் விபிஎன் கேட்டேன்

முன்பு கேட்டது: “ஈப்போ நிறுவனத்துக்கு பிரீலான்ஸாகக் கணக்கு பார்க்கிறேன், சுங்கை சிப்புட் வீட்டிலிருந்தே செய்ய, அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் கேட்டு எப்படி எழுதுவது?”

அனுப்பிவிட்டேன். முதல் வரைவில், கணக்கு மென்பொருளை என் மடிக்கணினியில் போட்டு விபிஎன் வழியாக அலுவலகக் கோப்பைத் திறப்பதாக எழுதியிருந்தேன். நெட்வொர்க் வேலை பார்க்கும் அண்ணன்தான் தடுத்தார்: பதிவு ஏறும்போது லைன் அறுந்தால் கோப்பு கெட்டுப்போகலாம், விபிஎன்னுக்குள், அலுவலகக் கணினியின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வைத்தால் வேலை அலுவலகக் கணினியிலேயே நடக்கும், லைன் போனால் திரை மட்டும்தான் போகும். இங்கே மழை பெய்தால் லைன் போவது தெரிந்ததுதானே.

‘விபிஎன் எதற்கு, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்தாலே போதும்’ என்று பதில் போட்டவருக்கு: வேலை செய்யும், ஆனால் அந்தக் கதவை ஊர் உலகமே தட்டும், அங்கே சம்பளப் பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டுப் படம் பார்க்கும் விபிஎன் பற்றிக் கேட்ட அக்கா, அது வேறு, அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய அது உதவாது.

அனுப்பியது இது:

“வணக்கம் சார். இபிஎப், சொக்சோ 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், வவுச்சர்கள் 10க்கு மேல்தான் வருகின்றன, அங்கே வந்து போகவே பாதி நாள் ஆகிறது. வீட்டிலிருந்தே செய்ய என் பெயரில் தனி விபிஎன் கணக்கு, கைப்பேசிக்கு வரும் குறியீட்டோடு, ஒரே ஒரு கணினிக்கு மட்டும், மாதம் 5 முதல் 16 வரை திறந்தால் போதும். கோப்பை இறக்கும் வழியையும் காப்பி பேஸ்ட்டையும் மூடிவிடுங்கள். மடிக்கணினி தொலைந்தால் உடனே அழைப்பேன், கணக்கை முடக்கிவிடலாம்.”

சார் சரி என்றார். ஆனால் இரவில் அலுவலகக் கணினியை அணைத்துவிடுகிறார்கள், அதை யார் போட்டு வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.